'சரிவராது' என்று சொல்ல எத்தனை காகிதம்?

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்து லயத்தில் சித்தப்பா மகளைப் பொண்ணு பார்க்க வந்தார்கள். முன்னுக்கு நின்று கூட்டி வந்தது சாமிமலைப் பக்கம் இருக்கும் பெரியப்பா குடும்பம். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அவர் அண்ணன் முறை. தேத்தண்ணி, முறுக்கு, வாழைப்பழம் எல்லாம் முடிந்து, தங்கச்சியும் அந்தப் பையனும் வாசலில் பத்து நிமிடம் பேசினார்கள். அவர்கள் வேனில் ஏறிப் போன பிறகு தங்கச்சி சித்தியிடம் ஒரே வசனம் சொன்னாள்: "எனக்கு வேணாம்மா."

அதைப் பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டும். சித்தப்பா போனை என்னிடம் நீட்டி, "நீதானே படிச்சவ, மரியாதையா ஒண்ணு எழுதித் தா" என்றார். இரண்டு நாளில் நான்கு தடவை எழுதி அழித்தோம். மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பாயி சிரித்துவிட்டுச் சொன்னார்: "எங்க காலத்துல இதுக்கு இம்புட்டுப் பாடு இல்ல. பாஸ்போட்டு சரிவராதுன்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்புவோம். அதோட முடிஞ்சுரும்."

முடிந்துவிடவில்லை என்பது அப்பாயிக்கும் தெரியும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். ஆனால் அந்த வார்த்தைதான் என்னை யோசிக்க வைத்தது. மலையகத்தில் ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்று சொல்வதற்கு ஒவ்வொரு தலைமுறையும் ஒரு காகிதத்தின் பின்னால் ஒளிந்திருக்கிறது. பொண்ணின் மனசு ஒரு காரணமாக எண்ணப்படாத காலத்தில், காகிதம்தான் காரணமாக நின்றது.

முன்னுக்கு நிற்பவர்கள்

முதலில், ஏன் பையன் வீட்டுக்கு நேராகச் சொல்லாமல் நடுவில் உள்ள குடும்பத்துக்குச் சொல்கிறோம்?

தோட்டத்தில் கல்யாணத் தரகர் என்று காசு வாங்குகிற ஆள் குறைவு. மாமா, அத்தை, பெரியப்பா என்று யாராவது ஒரு உறவுதான் "அங்க ஒரு நல்ல பையன் இருக்கான்" என்று பேச்சை எடுப்பது. அவர்கள் வெறும் தகவல் கொண்டுவருபவர்கள் இல்லை. இந்தப் பக்கம் போய் அந்தக் குடும்பத்துக்கும், அந்தப் பக்கம் போய் இந்தக் குடும்பத்துக்கும் பிணை நிற்பவர்கள். காம்பரா யார் பெயரில் இருக்கிறது, பையன் கொழும்பில் என்ன வேலை செய்கிறான், குடிப்பானா, கல்யாணத்துக்குப் பிறகு பொண்ணு எந்தத் தோட்டத்தில் பெயர் பதிவது என்று நாம் நேரில் கேட்க முடியாததையெல்லாம் அவர்கள்தான் கேட்டுச் சொல்கிறார்கள்.

அதனால் மறுப்பு முதலில் விழுவது அவர்கள் முகத்தில்தான். பையன் வீட்டார் நம்மை ஒரு தடவைதான் பார்த்தவர்கள். இனிமேல் பார்க்காமலே போகலாம். பெரியப்பாவை அப்படி விட முடியாது. சாவு வீட்டுக்கும் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் அவர் வரவேண்டியவர். அவர் மகளுக்கு நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் நாம் போய் நிற்கவேண்டும். ஒரு சம்பந்தத்தை மறுக்கும் செய்தி, அந்தச் சம்பந்தத்தைப் பற்றியதைவிட இந்த உறவைப் பற்றியதுதான்.

முதல் காகிதம்: துண்டு

நூறு வருடத்துக்கு முந்திய தோட்டத்தில் இந்த நடுவாள் இடத்தில் பெரும்பாலும் இருந்தது உறவு இல்லை, பெரிய கங்காணி. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தவர் அவர். வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று எல்லாவற்றையும் கடனாகக் கணக்கெழுதி, அந்தக் கடனை வைத்தே தன் கூட்டத்தைக் கட்டி வைத்திருந்தார்.

அந்தக் கட்டின் பெயர்தான் துண்டு. இந்த ஆட்களின் மேல் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போய், கடனைக் கட்டச் சம்மதிக்கும் இன்னொரு தோட்டத்தில்தான் வேலைக்குச் சேரலாம். பெரும்பாலும் கூட்டம் கூட்டமாகவே ஆட்கள் இப்படிக் கைமாறினார்கள்.

இதைக் கல்யாணப் பேச்சோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு கங்காணியின் கூட்டத்தில் கொழுந்தெடுக்கும் பொண்ணை இன்னொரு தோட்டத்து மாப்பிள்ளை கேட்டு வந்தால், அது இரண்டு குடும்பங்களுக்கு இடையிலான பேச்சு மட்டும் இல்லை. ஒரு கூட்டத்திலிருந்து இரண்டு கைகள் குறைகின்றன. இன்னொரு கூட்டத்துக்குக் கூடுகின்றன. கணக்கு யார் தீர்ப்பது? பெரிய கங்காணி சம்மதிக்காமல் அந்தக் கல்யாணம் நடப்பது கஷ்டம். அவரே முன்னுக்கு நின்று பேசிய சம்பந்தத்தை மறுப்பதோ அதைவிடக் கஷ்டம். நாளைக்குப் பெரட்டுக்களத்தில் எந்த மலைக்கு அனுப்புவது என்று சொல்லப்போகிறவர் அவருடைய ஆள்தான்.

இப்படி ஒரு நடுவாளிடம் பிடிக்கவில்லை என்று சொல்வது எப்படி? சொல்ல முடியாது. கடனைச் சொல்லலாம், தூரத்தைச் சொல்லலாம், ஊரில் இருக்கும் முறைமாமனைச் சொல்லலாம். மறுப்பு எப்போதும் வெளியில் இருக்கிற ஒன்றின் தலையில்தான் ஏறவேண்டும். 1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. சாக்கை வெளியில் தேடும் பழக்கம் அதோடு போகவில்லை.

கடுதாசி யார் கையில்?

கடிதம் எழுதிச் சொல்லும் வழி ஒன்று இருந்தது. ஆனால் தோட்டத்தில் கடிதம் என்பது அந்தரங்கமான விஷயமாக இருந்ததில்லை. லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. தோட்டத்துப் பெயருக்குத்தான் தபால் வரும். டவுன் தபால் கந்தோரிலிருந்து தோட்டத்து ஆள் ஒருவர் பையில் எடுத்து வந்து ஆபீசில் கொடுப்பார். அங்கிருந்து யார் மூலமாவது, எப்போதாவது, லயத்துக்கு வரும். சில நேரம் வராமலும் போகும். வேலைக்கான நேர்முகக் கடிதம் திகதி முடிந்த பிறகு கையில் கிடைத்த கதைகள் நம் தலைமுறையிலும் உண்டு.

வந்த கடிதத்தை வாசிக்கவும் ஆள் வேண்டும். தோட்டப் பள்ளிக்கூடம் என்பது பல இடங்களில் ஒரே மண்டபம், ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்று இருந்த காலம். கடிதம் எழுதுவதும் வாசிப்பதும் வாத்தியாரோ கணக்கப்பிள்ளையோ, படித்த பக்கத்து வீட்டுப் பையனோதான். அப்படியென்றால் ஒரு மறுப்பை எழுதினால் அதை எழுதியவருக்கும் வாசித்தவருக்கும் பக்கத்தில் நின்று கேட்டவர்களுக்கும் விஷயம் தெரியும். பொண்ணு என்ன சொன்னாள் என்பதை அந்தக் கடிதத்தில் எழுதுவார்களா?

அதனால்தான் மறுப்பு பெரும்பாலும் வாய்வழி போனது. அதுவும் சுருக்கமாக, திரும்பக் கேட்க முடியாத ஒரு காரணத்தோடு. அப்பாயியின் காலத்தில் அப்படி ஒரு காரணம் அரசாங்கமே கொடுத்தது.

இரண்டாவது காகிதம்: பாஸ்போர்ட்

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30-ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரைப் பற்றிய ஒப்பந்தம் அது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று விட்டு, 1974-இல் ஆளுக்குப் பாதி, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள்.

பிரித்தது எண்களை. ஆனால் எண்கள் லயத்துக்குள் வந்தபோது குடும்பங்களாக இருந்தன. ஒரே லயத்தில் முதல் காம்பரா இந்தியாவுக்கு எழுதியது, அடுத்த காம்பரா இலங்கைக்கு எழுதியது, மூன்றாவதில் அண்ணன் ஒன்றும் தம்பி ஒன்றுமாக எழுதினார்கள். ஹட்டனில் ரயில் ஏறி, தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். அந்த ரயிலை நம் ஆட்கள் 'அழுகைக் கோச்சி' என்று சொன்னார்கள்.

அந்த வருடங்களில் சம்பந்தம் பேசும்போது முறை, குலம், குறிப்பு எல்லாவற்றோடும் சேர்ந்து ஒரு கேள்வி வந்தது: "அவுங்க எந்தப் பக்கம்?" இந்தியப் பாஸ்போர்ட் எடுத்த வீட்டுக்கு, இலங்கைக்கு எழுதிய வீட்டுப் பொண்ணைக் கொடுத்தால், அவள் ஒருநாள் கோச்சி ஏறவேண்டும். திரும்பி வருவாளா என்று யாருக்கும் தெரியாது. உண்மையான, கனமான காரணம் அது. அந்தக் காரணத்தால் ஆசைப்பட்டவர்களே பிரிந்து போயிருக்கிறார்கள்.

உண்மையான காரணம் என்பதால்தான் அது நல்ல சாக்காகவும் ஆனது.

அப்பாயியின் அக்காவை, 1970களின் தொடக்கத்தில், பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் கேட்டு வந்தது. நடுவில் நின்றது அவர்களுடைய அத்தை குடும்பம். பையன் வீட்டார் இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தவர்கள். பொண்ணு வீட்டார் இலங்கைக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தவர்கள். பெரிய அப்பாயிக்குப் பையனைப் பிடிக்கவில்லை. வந்த அன்றே சாராய வாடை அடித்தது என்று அப்பாயி இப்போதும் சொல்வார். ஆனால் அத்தையிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? "மச்சான், பாஸ்போட்டு சரிவராது, புள்ளய அம்புட்டுத் தூரம் அனுப்ப முடியாது" என்று பாட்டனார் சொல்லி அனுப்பினார். அத்தை குடும்பமும் ஒப்புக்கொண்டது. யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

இரண்டு வருடம் கழித்துப் பெரிய அப்பாயிக்கு வேறோர் இடம் அமைந்தது. நல்ல பையன், அவளுக்கும் பிடித்தது. அவனும் இந்தியப் பாஸ்போர்ட்தான். கல்யாணம் நடந்தது, அவர்கள் கோச்சி ஏறினார்கள். அத்தை வழியனுப்ப வரவில்லை. "அப்ப எங்க பாஸ்போட்டு மட்டும் கசந்துச்சா?" என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த இரண்டு வீட்டுக்கும் பல வருடம் பேச்சு இல்லை. அத்தை செத்தபோதுதான் போனார்களாம்.

சாக்குச் சொல்வதில் உள்ள கோளாறு இதில் நன்றாகத் தெரியும். மறுத்ததற்காக அத்தை கோபப்படவில்லை. தன்னிடம் சொன்ன காரணம் பொய் என்று தெரிந்தபோதுதான் கோபப்பட்டார். அந்தப் பொய்யை நம்பித்தான் அவர் பொகவந்தலாவைக்குப் போய்ச் சொல்லியிருந்தார். பொய்யாகிப் போனது அவருடைய வாய்.

சட்டம் சொன்னது, சொல்லாதது

இலங்கையின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1907-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கச் சட்டம். அது எழுதப்பட்டபோது கல்யாண வயது ஆணுக்கு 16, நம் பெண்களுக்கு 12. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் உனக்கு மனசிருக்கிறதா என்று யார் கேட்பது? 1995-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்துதான் இருவருக்கும் 18 ஆனது. எங்கள் அம்மாக்களின் காலம் வரை பழைய வயதுதான் ஏட்டில் இருந்தது.

ஆனால் அதே 1907 சட்டத்தில், இருபதாம் பிரிவில், நமக்கு வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, கல்யாணம் செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்தவரையும் கல்யாணம் செய்யும்படி எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்த முடியாது. இரண்டு, வாக்கு மீறியதற்கு நட்டஈடு கேட்கலாம். ஆனால் அந்த வாக்கு எழுத்தில் இருந்தால் மட்டும்தான். எந்த எழுத்து வாக்காகும் என்ற கேள்வி 1959-இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரைக்கும் போயிருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு தடவை வந்து தேத்தண்ணி குடித்துப் போனது எந்த வாக்கும் இல்லை. அதற்கு மன்னிப்புக் கேட்டுக் கூனிக்குறுக வேண்டியதும் இல்லை. இன்னொரு பக்கம், இன்றைக்கு நாம் பேசுவதெல்லாம் எழுத்தாகத்தான் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்துக்குப் பிறகு போனில் இருக்கும் எழுத்தும் எழுத்துதான். மரியாதைக்காக "எங்களுக்குச் சம்மதம்தான், கொஞ்சம் பொறுங்க" என்று தட்டிவிட்டுப் பிறகு மறுக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. "சம்மதம்" என்ற சொல்லை நம்பி அந்தப் பக்கம் ஒரு வீடு மற்ற இடங்களை வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

நான்கு வரைவுகள்

இனி எங்கள் வீட்டுப் போனுக்கு வருவோம்.

முதல் வரைவில் சித்தப்பா குறிப்பைச் சொல்லச் சொன்னார். "சாமியார்கிட்ட காட்டினோம், பொருத்தம் இல்லையாம்." இதுதான் இன்றைய பாஸ்போர்ட். ஆனால் குறிப்பை எத்தனை பேரிடமும் காட்டலாம். பெரியப்பா ஹட்டனில் தெரிந்த இன்னொருவரிடம் காட்டி, ஏழு பொருத்தம் இருக்கிறது, ஒரு பரிகாரம் செய்தால் போதும் என்று திரும்பி வந்தால் நாங்கள் என்ன சொல்வது?

இரண்டாவது, "புள்ள மேல படிக்கணும்னு சொல்றா." தங்கச்சி முன்பள்ளி ஆசிரியை. கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பித்திருக்கிறாள், அதனால் இது பாதி உண்மை. ஆனால் இது மறுப்பு இல்லை, தவணை. "சரி, படிக்கட்டும், நாங்க காத்திருக்கோம்" என்று அவர்கள் சொன்னால்? ஆறு மாதத்தில் வேறு இடம் அமைந்தால், அத்தை சொன்ன அதே வார்த்தையைப் பெரியப்பாவிடம் கேட்கவேண்டி வரும்.

மூன்றாவது என்னுடையது. உண்மையை முழுசாக எழுதினேன். வாசலில் பேசிய பத்து நிமிடத்தில் அந்தப் பையன், "கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க வேலைக்குப் போகத் தேவையில்ல, அம்மாவுக்குத் துணையா வீட்டுல இருந்தா போதும்" என்று சொல்லியிருக்கிறான். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னான். தங்கச்சி வேண்டாம் என்றது அதற்குத்தான். நான் அதை அப்படியே எழுதினேன். தங்கச்சி வாசித்துவிட்டு, "அக்கா, இத அனுப்பினா நாளைக்கே வேலைக்கு விடுறோம்னு சொல்லுவாங்க. அப்புறம் நான் என்ன சொல்றது?" என்றாள். அவள் சொன்னது சரி. திருத்தக்கூடிய காரணத்தைச் சொன்னால் அது பேரம் ஆகிவிடும். தவிர, செய்தி பெரியப்பாவோடு நிற்காது. அவர் அதை அப்படியே அனுப்பிவிடுவார். பையனின் அம்மா வாசிப்பார். தன் மகனைப் பற்றிய குறையை ஒரு தடவை பார்த்த வீட்டார் எழுதியிருப்பதை அவர் ஏன் வாசிக்க வேண்டும்?

நான்காவதுதான் போனது. அனுப்புவதற்கு முன் சித்தப்பா பெரியப்பாவுக்கு ஒரு கோல் எடுத்து, "அண்ணே, புள்ள விசயமா ஒண்ணு அனுப்புறேன், பாருங்க" என்று மட்டும் சொன்னார். செவ்வாய்க்கிழமை இரவு, பார்த்துப் போய் மூன்றாம் நாளுக்குள். செய்தி இதுதான்:

"அண்ணே, மதினி, ரெண்டு பேருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை அவுங்களையும் கூட்டிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்து முன்னுக்கு நின்னதுக்கு ரொம்ப நன்றி. நல்ல மனுசங்க, மரியாதையாப் பழகினாங்க. வீட்டுல எல்லாரும் இருந்து பேசினோம். புள்ளைக்கு இந்தச் சம்பந்தத்துல மனசு ஒத்துவரல. நாங்களும் அவ முடிவோடதான் இருக்கோம். அதனால இத இத்தோட நிப்பாட்டிக்குவோம். தம்பி மேலயோ அவுங்க குடும்பத்து மேலயோ எங்களுக்கு எந்தக் குறையும் இல்ல. அவுங்க வேற எடம் பாக்குறதுக்கு நாங்க தாமதமா இருக்கக்கூடாதுன்னுதான் சீக்கிரமா சொல்றோம். தம்பி படத்த போன்ல இருந்து அழிச்சிட்டோம். குறிப்ப நான் டவுனுக்கு வரும்போது உங்க கையில தர்றேன். புள்ள படத்தையும் அழிச்சிரச் சொல்லுங்க. தீவாளிக்கு எப்பவும் போல வீட்டுக்கு வரணும்."

இதில் "யோசிச்சுச் சொல்றோம்", "இப்போதைக்கு வேணாம்" என்ற வார்த்தைகள் இல்லை. "இத்தோட நிப்பாட்டிக்குவோம்" என்பதில் கதவு மூடியிருக்கிறது. நன்றி முதலில் போகிறது, பெரியப்பாவுக்கு. "நாங்களும் அவ முடிவோடதான்" என்ற வரியை எழுதச் சித்தப்பா கொஞ்சம் தயங்கினார். ஆனால் அது இல்லாவிட்டால் பெரியம்மா தங்கச்சிக்குத் தனியாகக் கோல் எடுத்து மனசை மாற்றப் பார்ப்பார். அந்த வரி இருப்பதால் பாரம் அவள் தலையில் மட்டும் விழவில்லை. படத்தைப் பற்றிய வரி இந்தக் காலத்துக்கானது. அந்தக் காலத்தில் ஒரு போட்டோதான் போகும், திரும்பி வரும். இப்போது அது எத்தனை போனில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. கேட்டாவது வைக்கவேண்டும்.

எழுத்தாக அனுப்பியதற்கும் காரணம் உண்டு. கோலில் சொன்னால் பெரியப்பா தன் வார்த்தையில் அங்கே சொல்லவேண்டி வரும். அதில் ஒரு சொல் கூடும், ஒரு சொல் குறையும். எழுத்தில் இருந்தால் அப்படியே காட்டிவிடலாம், அவர் வாய்க்குப் பழி இல்லை.

ஒரு எச்சரிக்கை

"மனசு ஒத்துவரல" என்ற வரிக்குப் பின்னாலும் ஒளியலாம். ஆர். ஜெயராமன் மூன்று தேயிலைத் தோட்டங்களை ஆய்வு செய்து 1975-இல் வெளியிட்ட புத்தகத்தின் பேச்சே, கடல் தாண்டி வந்தும் சாதி நம்மோடு எப்படி வந்தது என்பதுதான். இன்றைக்கும் பொண்ணுக்கும் பையனுக்கும் பிடித்த பிறகு, பெரியவர்கள் விசாரித்துப் பார்த்துவிட்டு இதே மரியாதையான வரியை அனுப்புவதுண்டு. அப்போது அதில் இருப்பது அவள் மனசு இல்லை. அந்த வரியை யார் சொல்லி யார் எழுதுகிறார்கள் என்பதைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அனுப்பும் பொத்தானை அழுத்தியது தங்கச்சி.

பெரியப்பா செய்தியைப் பார்த்ததற்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. அடுத்த நாள் இரவு சித்தப்பாவுக்குக் கோல் எடுத்தார். "சரி தம்பி. ஒளிவு மறைவில்லாம சொன்னியே, அது போதும். நான் அங்க காட்டிட்டேன்" என்றார். பின்னால் இருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது: "பத்து நிமிசத்துல என்ன மனசு தெரிஞ்சிருமாம்?"

தீபாவளிக்குப் பெரியப்பா மட்டும்தான் வந்தார். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி என்றார். உண்மையாகவும் இருக்கலாம். பலகாரத்தைத் தங்கச்சிதான் ஒரு பெட்டியில் கட்டி, "பெரியம்மாகிட்ட குடுத்துருங்க" என்று அவர் கையில் கொடுத்தாள். பொங்கலுக்கு அந்தப் பெட்டி கழுவித் துடைத்து, உள்ளே கொஞ்சம் அதிரசத்தோடு திரும்பி வந்தது. அப்பாயி ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்துவிட்டு, "எங்க அத்த பொட்டிய திருப்பியே அனுப்பல" என்றார்.